மீனில் இருக்கும் கொழுப்பும் நாம் ஊற்றும் கொழுப்பும்: இரண்டு சொல் வேண்டும்

நாகப்பட்டினம், உணவியல் ஆசிரியை:
வணக்கம். நாளை மாலை அச்சுக்குப் போகும் பாடக் குறிப்பில் மீன்குழம்பு கணக்கு ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்து முள் நீக்கிய 100 கிராம் மத்தி மீனில் கொழுப்பு சுமார் 10 கிராம், வஞ்சிரத்தில் 3, இறாலில் 1. ஒருவர் பங்குக் குழம்பில் நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி 9 கிராம், அரைத்த தேங்காய் 20 கிராமில் 7. கூட்டினால் 26, 19, 17. இந்தப் பத்துக்கும் பதினாறுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் இறால் குழம்பை 1 கிராம் என்று எழுதிவிடுகிறார்கள்.

மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘நிணம்’ இருக்க வேறு சொல் எதற்கு? சங்கப் பாடல்களில் ஊனின் கொழுப்புக்கு அதுதான் சொல். ஊற்றுவது ‘நெய்’. எள்+நெய்தானே எண்ணெய்? குமரிப் பக்கம் வஞ்சிரத்துக்கு நெய்மீன் என்றே பெயர். அந்த ‘நெய்’...

திருவாரூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நெய்மீன் என்ற பெயரைப் பார்த்தால் வஞ்சிரம்தான் அதிகக் கொழுப்பு என்று மாணவர் நினைப்பார். தேங்காயை நெய் என்றும் சொல்ல முடியாது. ‘தன்கொழுப்பு’, ‘சேர்கொழுப்பு’ போதாதா?

மயிலாடுதுறை:
சேர்கொழுப்பு வினைத்தொகை. தானாகச் சேரும் கொழுப்பு என்றல்லவா பொருள் வரும்? அது தொப்பைக்குப் பொருந்தும். நம் விவசாயிகள் ‘இடுபொருள்’ என்கிறார்களே, அந்த வழியில் ‘இடுகொழுப்பு’ சொல்லுங்கள்.

கும்பகோணம், வாசகர்:
இறாலில்தான் கொழுப்பு அதிகம் என்று எனக்கு மருத்துவர் சொன்னார். போன வருடத்திலிருந்து தொடுவதில்லை. நீங்கள் 1 என்கிறீர்கள்?

நாகப்பட்டினம்:
அவர் சொன்னது கொலஸ்டிராலாக இருக்கும். இறாலில் அது அதிகம்தான், ஆனால் மில்லிகிராமில் எண்ணுவது. மொத்தக் கொழுப்பு குறைவு. சாப்பிடலாமா என்பதை அவரிடமே கேளுங்கள் அண்ணா.

தரங்கம்பாடி, மீன் வியாபாரக் குடும்பத்தவர்:
மத்திக்கு ஒரே எண் போடாதீர்கள் அம்மா. மெலிந்த மாதத்தில் 3, 4 கிராம்தான் இருக்கும். கொழுத்தால் 12ஐயும் தாண்டும். கொழுத்த மத்தியைக் கீறினால் குடலைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும், விரலில் வழுக்கும். குழம்பு கொதித்ததும் அந்த எண்ணெய் மேலே மிதக்கும். மீனை மட்டும் எடுத்துத் தின்று குழம்பை வைத்துவிட்டால் உங்கள் ‘தன்கொழுப்பு’ சட்டியிலேயே நின்றுவிடும். அப்போது அது எந்தக் கணக்கு?

இன்னொன்று, எடை. தலையும் ஓடுமாக அரைக்கிலோ இறால் வாங்கினால் கறி பாதிதான் தேறும். வாங்கிய எடையைப் போட்டால் எல்லாம் தப்பாகும்.

திருவாரூர்:
மீனிலிருந்து வந்தது எங்கே மிதந்தாலும் தன்கொழுப்புதான். இருவர் பங்கிட்டால் குழம்போடு சேர்த்துப் பிரிக்க வேண்டும்.

தரங்கம்பாடி:
மிதப்பதில் எது நல்லெண்ணெய், எது மத்தியெண்ணெய் என்று யார் பிரிப்பது?

நாகப்பட்டினம்:
பிரிக்க முடியாது, சரி. சமைக்கும் முன் அளந்ததைத்தான் எழுதுகிறோம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். மத்திக்கு ‘4 முதல் 12 வரை’ என்று மாற்றுகிறேன், மொத்தம் 20 முதல் 28 வரை வரும். மெலிந்த மத்தி வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது! தன்கொழுப்பு, இடுகொழுப்பு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். நேரமில்லை.

மயிலாடுதுறை:
இடுகொழுப்பு சரி. தன்கொழுப்பு வேண்டாம். வகுப்பில் சொன்னால் ‘உனக்கு ரொம்பக் கொழுப்பு’ என்றுதான் பிள்ளைகள் காதில் விழும். அடுத்த பதிப்பிலாவது நிணம் என்று போடுங்கள்.