உரிமத்தில் வரும் ‘கிராண்ட்’டுக்கு என்ன சொல்?

மலர்விழி எழுதியது:

வணக்கம். ஒரு சொற்பிழைதிருத்தியின் உரிமத்தைத் தமிழில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘கிராண்ட்’ வரும் இடங்களில் மொழிபெயர்த்தவர் முதல் பத்தியில் ‘மானியம்’, நான்காவதில் ‘அனுமதி’, ஏழாவதில் ‘வழங்கல்’ என்று போட்டிருக்கிறார். மானியத்தை அடித்துவிட்டேன், உரமூட்டைதான் நினைவுக்கு வருகிறது. மற்ற இரண்டில் எதை வைப்பது? பொருளின் பெயரும் ஒரே சீராக இல்லை: மென்பொருள், நிரல், தொகுப்பு என்று மூன்றும் கலந்து வருகின்றன. கோப்பை இணைத்திருக்கிறேன்.

சேது எழுதியது:

உரிமம் என்றாலே அனுமதிதானே, ‘அனுமதி’ போதும். பெயர்களைக் கண்ணால் தேட வேண்டாம், இதை ஓட்டுங்கள்:

```
grep -noE 'மென்பொருள்|நிரல்|தொகுப்பு' LICENSE.ta
```

நான் ஓட்டினேன். ‘நிரல்’ இரண்டே இடத்தில்தான். மாற்றிவிட்டால் முடிந்தது.

நிர்மலா எழுதியது:

பெயர் என்றதும் என் கதை. ஓர் எழுத்துருவில் இரண்டு எழுத்தைத் திருத்தி, அதே பெயரில் வெளியிட்டேன். ஓ.எஃப்.எல். 1.1 என்ற எழுத்துரு உரிமம், பெயரோ ஒதுக்கப்பட்ட பெயர், கேட்காமல் திருத்திய வடிவுக்கு அதை வைக்கக் கூடாது. வடிவமைத்தவர் மடல் போட்டார். கோப்பின் பெயரை மாற்றினேன், உள்ளே இருந்த பெயர் அட்டவணையை மறந்துவிட்டேன். எழுத்துருப் பட்டியலில் பழைய பெயரே வந்து நின்றது. உங்கள் உரிமத்திலும் ஒதுக்கிய பெயர் இருக்கிறதா?

பாஸ்கர் எழுதியது:

நிர்மலா, மலர்விழி கேட்பது அதை அல்ல. ஒரே ஆவணத்துக்குள் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் நிற்கிறதா என்பது.

சேது, உங்கள் தேடலில் ஓட்டை இருக்கிறது. ‘மென்பொருள்’ என்று புள்ளியோடு தேடினால் ‘மென்பொருளை’, ‘மென்பொருளின்’ சிக்காது. வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய்விடுகிறது. ‘மென்பொருள’, ‘நிரல’, ‘தொகுப்ப’ என்று தேடுங்கள்.

‘அனுமதி’யும் ஒத்துவராது. உரிமம் தருபவர் ஒரு செயலைச் செய்து முடிக்கிறார், அதாவது உரிமையைக் கொடுக்கிறார். நான் சொல்வது ‘அளிப்பு’. வினை ‘அளிக்கிறோம்’, அந்தப் பகுதி ‘அளிப்பு வாசகம்’. எல்லா இடத்திலும் ஒரே வேர் நிற்கும்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. முதல் பத்தியில் ‘நகலெடுக்கவும் மாற்றவும் பரப்பவும்’. நான்காவதில் ‘மாற்றிப் பரப்ப’. இவை ஒன்றல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் நிரலில் இந்தச் சிக்கல்தான் வந்தது. அதன் உரிமத்தில் இருந்த சொற்கள்:

```
use, copy, modify, and distribute
```

மாற்றலாம், பரப்பலாம், ஆனால் மாற்றியதைப் பரப்பலாம் என்று நாங்கள் சொல்லவில்லை என்று பல்கலைக்கழகம் பொருள் கொண்டது. பின்னால் அல்பைன் என்ற பெயரில் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்தபிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இதே சொற்களை வைத்திருந்த ஐ.எஸ்.சி. அமைப்பு, தங்களுக்கு அந்தப் பொருள் இல்லை என்றாலும், 2007இல் `and` என்பதை `and/or` ஆக்கியது.

தமிழில் நம் எண்ணும்மையும் அதே பள்ளத்தில்தான் விழும். வினையெச்சமாக்கி ‘மாற்றிப் பரப்ப’ என்றாலோ மறுபக்கம் சாய்கிறது: மாற்றாமல் அப்படியே பரப்பலாமா? ‘இதையோ, இதை மாற்றியமைத்ததையோ பரப்பவும்’ என்று விரித்து எழுதி, இரண்டு பத்தியிலும் அதையே வையுங்கள்.

மலர்விழி எழுதியது:

புள்ளியில்லாமல் தேடியதில் ‘நிரல’ பதினோர் இடம். அதில் இரண்டு ‘நிரலாக்கம்’, தொடவில்லை. ‘தொகுப்பு’தான் பயமுறுத்திவிட்டது. ஐந்து இடத்தில் நிரலைக் குறிக்கிறது, ஒரே ஓர் இடத்தில் சொற்பட்டியலைக் குறிக்கிறது. சொற்பட்டியல் வேறொருவருடையது, தனி உரிமம். மொத்தமாக மாற்றியிருந்தால் அதையும் நாங்களே அளித்ததாக ஆகியிருக்கும்.

அந்தச் சொற்பட்டியலின் உரிமத்தை முகவுரையில் ‘ஜி.பி.எல். பதிப்பு 2’ என்கிறார்கள், கோப்பின் தலைப்பில் ‘பதிப்பு 2 அல்லது பிந்தையது’ என்றிருக்கிறது.

சேது எழுதியது:

புள்ளி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பதிப்பு மட்டும் பெரிய வித்தியாசமா? இரண்டும் ஜி.பி.எல்.தானே.

பாஸ்கர் எழுதியது:

`GPL-2.0-only`, `GPL-2.0-or-later` என்று, உரிமங்களுக்குக் குறியீடு தரும் எஸ்.பி.டி.எக்ஸ். பட்டியல் தனித்தனியாக வைத்திருப்பதே அதற்காகத்தான். முன்னதோடு மூன்றாம் பதிப்பில் உள்ள நிரலை இணைத்து வெளியிட முடியாது, பின்னதோடு முடியும். எது சரி என்று மெய்ப்புப் பார்ப்பவர் தீர்மானிக்கக் கூடாது. சொற்பட்டியலை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

நிர்மலா எழுதியது:

‘அளிப்பு’ எனக்கு ஒட்டவில்லை, பரிசளிப்பு மாதிரி இருக்கிறது. ‘உரிமை ஈவு’?

மலர்விழி எழுதியது:

‘ஈவு’ என்றால் எனக்கு வகுத்தல் கணக்குதான். இப்போதைக்கு ‘அளிப்பு’ வைத்து அனுப்புகிறேன். பட்டியல்காரருக்கும் எழுதிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. ‘பரப்ப’வா, ‘விநியோகிக்க’வா என்பதை அடுத்த மடலில் கேட்கிறேன்.