அப்பாவுக்குக் கை எங்கே?

கயல் அம்மா: நாலரை வயசு மகள் க்ரேயான்ல வரைஞ்சது. நடுவுல பாட்டி பெருசா, பக்கத்துல நானும் அவளும், ஓரத்துல அப்பா. அவருக்குத் தலையிலிருந்தே கால் இறங்குது, கையே இல்லை. சூரியன் கறுப்பு. இது என்ன காட்டுது?

மாடிவீட்டு மணி: கை இல்லைன்னா அப்பா பிள்ளையைத் தூக்குறதே இல்லைன்னு அர்த்தம். கறுப்புச் சூரியன்னா பயம். உடனே ஆலோசகரைப் பாருங்க.

பால்வாடி டீச்சர்: ஒரு தாளை வெச்சு ஒரு மனுஷனைக் குற்றவாளி ஆக்கியாச்சு! 22 வருஷம் இந்தப் படங்களோடதான் குப்பை கொட்டினேன். இந்த வயசுல ஆள்னா தலைப்பிரட்டை மாதிரிதான். ஒரு வட்டம், அதுலேருந்து ரெண்டு கோடு. கை கடைசியாத்தான் வரும், பல நேரம் அதுக்குள்ள பிள்ளை அடுத்த ஆளுக்குப் போயிடும். மத்தவங்களுக்குக் கை இருக்கா?

கயல் அம்மா: பாட்டிக்கு மட்டும். ஒன்பது விரல்.

மணி: பாத்தீங்களா! அப்பாவுக்கு இல்லை!

டீச்சர்: அம்மாவுக்கும் இல்லையே, அதை ஏன் முழுங்குறீங்க?

வெற்றி: 1926லயே குட்இனஃப்னு ஒரு உளவியல் நிபுணர் மனுஷப் படத்தை வெச்சு அறிவுச் சோதனை கொண்டுவந்துட்டாங்க. கை இல்லைன்னா மார்க் போச்சு. குழந்தை மந்தம்.

டீச்சர்: அதுல உறுப்பை எண்ணுறது உண்மை. ஆனா ‘முடிஞ்ச அளவு நல்லா வரை’ன்னு சொல்லி வரைய வைக்கிற படம் அது. இவ தானா உக்காந்து வரைஞ்சதுக்கு மார்க் போட நீங்க யாரு?

சுந்தரி: என் பையன் பஸ் மட்டுந்தான் வரைவான். இப்ப பேங்க்ல இருக்கான். அது என்ன க்ரேயான், மெழுகு ஒட்டுதா?

டீச்சர்: கயல் அம்மா, ‘கை எங்க’ன்னு கேட்டுடாதீங்க. கேட்டா உடனே ரெண்டு கோடு போட்டுக் குடுத்துடும், நமக்கு ஒண்ணும் தெரியாது. ‘இதைப் பத்திச் சொல்லு’ன்னு மட்டும் கேளுங்க. யாரை முதல்ல வரைஞ்சான்னும் கேளுங்க. முதல் ஆளுக்குத்தான் தாள் முழுக்க இடம், கடைசி ஆளுக்கு மிச்சம் மீதி.

மணி: போன மாசம் இடதுகைப் பழக்கத்துலயும் இப்படித்தான் வகுப்பெடுத்தீங்க.

டீச்சர்: அன்னைக்கும் நீங்க தப்பு.

கயல் அம்மா: கேட்டேன். பாட்டி முறுக்கு சுத்துறாங்களாம், அதான் விரல். முதல்ல வரைஞ்சதும் பாட்டிதான். அப்பா கடைசி, வேலை முடிஞ்சு வர்றாராம். மஞ்சள்ல சூரியன் போட்டாளாம், வெள்ளைத் தாள்ல தெரியலையாம், அதனால மேல கறுப்பைத் தேய்ச்சுட்டா.

டீச்சர்: நாளைக்குக் கேட்டா வேற கதை சொல்வா, அதையும் பிடிச்சுத் தொங்காதீங்க. தூக்கம் கெடுது, ஒருத்தரைக் கண்டா ஒதுங்குது, நின்னுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்புதுன்னா, படம் இல்லாட்டியும் பார்க்க வேண்டியதுதான்.

மணி: குழந்தை மறைக்குது. கை இல்லைங்கிறது இல்லைதான்.

வெற்றி: என் 1926க்கு யாரும் பதில் சொல்லலை.

டீச்சர்: சொன்னேன். படிங்க.

சுந்தரி: அது தேன்குழலா, கைமுறுக்கா?

மணி: அப்பாவுக்குக் கை எங்கே?