அப்பா காலை எடுக்க மறுக்கிறார், கையெழுத்தை நாங்கள் போடலாமா?

அப்பாவுக்கு 74 வயது, நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்கிறார் மருத்துவர். அப்பா, "காலோடவே போறேன், விடுங்கடா" என்கிறார். மயக்க மருந்து கொடுத்தபின் நாமே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறான் அண்ணன்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மயக்கத்தில் இருந்த மகளுக்காக அம்மா தந்த சம்மதம் செல்லாது என்றது. அந்த மகள் சுயமாக முடிவெடுக்கக்கூடியவர், உடனடி உயிராபத்தும் இல்லை, விழிக்கும்வரை காத்திருந்திருக்கலாம் என்பதே காரணம். அப்பா விழித்திருக்கும்போதே வேண்டாம் என்கிறாரே!

ஆனால் ஒரு சந்தேகம். காலையில் விளைவுகளைத் தெளிவாகச் சொல்கிறார். "செத்துப்போவேன்னு தெரியும்" என்கிறார். இரவில் காய்ச்சல் ஏறினால் இறந்துபோன அத்தையைக் கூப்பிடுகிறார். கிருமித் தொற்றால் வரும் குழப்பம் இப்படித்தான் ஏறி இறங்குமாம். அப்படியானால் எந்த நேரத்துப் பேச்சு அவருடைய முடிவு? தெளிவாக இருக்கும்போது இரண்டு மூன்று முறை கேட்டும் அதே பதில் வந்தால், அதை மீற எங்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். வலிக்கிறது, ஆனாலும்.

இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். முடிவெடுக்கும் திறனைச் சோதிக்க மனநல மருத்துவரை வரவழைத்தீர்களா? அவர் என்னென்ன கேட்டார்? அப்புறம், மறுப்புக்குப் பயம்தான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? செயற்கைக் காலோடு நடக்கும் பெரியவர் யாராவது அப்பாவிடம் போனில் பேச முடிந்தால் பெரிய உதவி. அவகாசம் அதிகமில்லை.