தீபாவளி தேதி தள்ளினால் கணக்கும் மாறுகிறது: பாக்கி வசூல் நாட்கள், சரக்குச் சுழற்சி பற்றி உங்கள் அனுபவம் என்ன?

ஜார்ஜ்டவுன் கணக்கர்

பினாங்கில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மிளகாய், மல்லி, பருப்பு, நெய், முறுக்கு மாவு எல்லாம் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள கடைகளுக்கு 60 நாள் தவணையில் போகின்றன. ஆண்டு விற்பனை சுமார் 60 லட்சம் ரிங்கிட், அத்தனையும் கடன் விற்பனை. கணக்கு முடிவது டிசம்பர் 31. கீழே வரும் எண்களைப் படிக்க எளிதாகச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

2023 கடைசியில் வரவேண்டிய பாக்கி 11 லட்சம். 2025 கடைசியில் ஒன்பதரை லட்சம். இரண்டு ஆண்டும் விற்பனை ஒன்றுதான். பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், வசூல் நாட்கள் 67இலிருந்து 58ஆகக் குறைந்திருக்கின்றன. முதலாளிக்கு மிகுந்த மகிழ்ச்சி. இதைக் காட்டி வங்கியில் ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்திக் கேட்கலாம் என்றார். ஆனால் வசூல் அவ்வளவு சீராகியிருந்தால் வங்கிக் கணக்கு ஏன் எப்போதும் வறண்டு கிடக்கிறது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாத விற்பனையைப் பிரித்துப் பார்த்தேன்.

காரணம் தீபாவளி. 2023இல் நவம்பர் 12 அன்று வந்தது, 2025இல் அக்டோபர் 20 அன்றே வந்துவிட்டது. கடைகள் பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பிருந்து சரக்கு எடுப்பார்கள். அதனால் 2023இல் அக்டோபரில் 13 லட்சம், நவம்பரில் 7 லட்சம், டிசம்பரில் 4 லட்சம் என்று விற்பனை அமைந்தது. 2025இல் செப்டம்பரும் அக்டோபரும் பத்துப் பத்து லட்சம், நவம்பரும் டிசம்பரும் வழக்கமான நாலு நாலு லட்சம்.

எல்லாக் கடைகளும் தவணை தவறாமல் இரண்டு மாதத்தில் கட்டியிருந்தால், டிசம்பர் 31இல் பாக்கி நிற்க வேண்டியது நவம்பர், டிசம்பர் பில்கள் மட்டும்தான். 2023இல் அது 11 லட்சம்; இருந்ததும் 11 லட்சம். 2025இல் 8 லட்சமாக இருந்திருக்க வேண்டும்; இருந்ததோ ஒன்பதரை. முதலாளி ஒன்றரை லட்சம் குறைந்ததாகப் பார்த்த இடத்தில் உண்மையில் ஒன்றரை லட்சம் கூடியிருக்கிறது.

பாக்கியிலிருந்து கடைசி மாத விற்பனையை முதலில் கழித்து, பிறகு அதற்கு முந்தைய மாதம் என்று பின்னோக்கிப் போனால் இது பளிச்சென்று தெரியும். 2023இல் டிசம்பரின் 31 நாளும் நவம்பரின் 30 நாளும் கழிந்தவுடன் பாக்கி தீர்ந்துவிடுகிறது, ஆக 61 நாள். 2025இல் அந்த இரண்டு மாதம் போக ஒன்றரை லட்சம் மிஞ்சுகிறது. அது அக்டோபரின் பத்து லட்சத்தில் ஐந்து நாள் அளவு. மொத்தம் 66 நாள். வசூல் ஒன்பது நாள் முன்னேறவில்லை, ஐந்து நாள் பின்தங்கியிருக்கிறது.

உங்கள் வியாபாரத்திலும் ஆண்டுக் கடைசி எண் ஒன்று சொல்லி, நடப்பு வேறாக இருந்ததுண்டா? எழுதுங்கள்.

பிறை கிடங்கு

அக்கா, பாக்கிக் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் நான் சரக்குச் சுழற்சியைத்தான் நம்புவேன். எங்களிடமும் பருப்பும் மசாலாவும்தான். உங்கள் முதலாளியின் டிசம்பர் இருப்பு நாலேகால் லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 லட்சத்தை அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 14 சுற்று. 26 நாளுக்கு ஒரு முறை கிடங்கு காலியாகி நிரம்புகிறது. இப்படி ஓடும் வியாபாரத்தில் பாக்கி ஐந்து நாள் முன்னே பின்னே போனால் என்ன? சுழற்சி கூடக்கூட நல்லது என்பதுதான் என் அனுபவம்.

ஜார்ஜ்டவுன் கணக்கர்

தம்பி, இருப்பை மிகச் சரியாக ஊகித்துவிட்டீர்கள், அது நாலேகால் லட்சமேதான். ஆனால் இருப்பு அடக்க விலையில் நிற்கிறது, விற்பனையில் லாபமும் சேர்ந்திருக்கிறது. விற்ற சரக்கின் அடக்கம் 51 லட்சம். அதை வைத்து வகுத்தால் 12 சுற்றுதான் வரும்.

அந்த 12ஐயும் நான் நம்பவில்லை. டிசம்பர் 31 இந்த வியாபாரத்தில் கிடங்கு மிகவும் மெலிந்திருக்கும் நாள். தீபாவளிச் சரக்கு போய்விட்டது. குண்டூர் மிளகாயின் புது வரத்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சூடுபிடிக்கும், மல்லி அறுவடையும் ஏறத்தாழ அப்போதுதான். முதலாளி அந்த மாதங்களில் வாங்கிக் குவிப்பார், டிசம்பரில் கையை இழுத்துப் பிடிப்பார். ஆண்டுத் தொடக்க இருப்பையும் கடைசி இருப்பையும் கூட்டிச் சராசரி எடுத்தாலும் பயனில்லை, இரண்டுமே மெலிந்த டிசம்பரின் எண்கள். 12 மாதக் கடைசி இருப்புகளையும் கூட்டிச் சராசரி எடுத்தேன்: எட்டரை லட்சம். சுழற்சி ஆறு. ஒரு மூட்டை சராசரியாக 61 நாள் கிடங்கில் கிடக்கிறது, 30 நாள் அல்ல.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டறிக்கையின்படி போட்ட பணம் 88 நாளில் திரும்புகிறது. மாதக் கணக்கின்படி தோராயமாக 127 நாள். இறக்குமதிக்கு வங்கி தரும் உண்டியல் கடனோ 90 நாளுக்கு. 90ஆம் நாள் கடன் முடிகிறது, சரக்குக்குரிய பணம் வந்து சேரவில்லை, ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்துக் கட்டுகிறார். கணக்கு வறண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம்.

பிரிக்பீல்ட்ஸ் உணவகம்

எனக்கும் வசூல் பிரச்சினை உண்டு, ஆகவே கேட்கிறேன். கல்யாண விருந்து செய்து கொடுத்த ஒரு வீட்டார் இன்னும் மீதிப் பணம் தரவில்லை. போனை எடுப்பதே இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கேட்டால் தருவார்கள்? மற்றபடி என் கடையில் எல்லாம் ரொக்கம்தான். என் கணக்கர் வசூல் நாட்கள் மூன்று என்று எழுதிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அதிகாரி

உணவகத் தம்பிக்கு முதலில். அந்த மூன்று நாள், ரொக்க விற்பனையையும் சேர்த்து வகுத்ததால் வந்தது. விருந்து விற்பனையை மட்டும் தனியே எடுத்து அதன் பாக்கியை வகுக்கச் சொல்லுங்கள், எண் வேறு மாதிரி வரும். அந்த வீட்டாரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு என்னிடம் வழி இல்லை. இனிமேல் சமைப்பதற்கு முன்பே பெரும்பகுதியை வாங்கிவிடுங்கள்.

கணக்கர் அம்மாவுக்கு: நீங்கள் பின்னோக்கிக் கழித்த முறை சரி. பருவ வியாபாரத்துக்கு அதுதான் பொருந்தும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய பில் முதலில் தீரும் என்று அது எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. நான் பார்த்த கோப்புகளில், இடறும் கடைக்காரர் சரக்கு நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் புது பில்லைக் கட்டுவார், பழையதை அப்படியே விட்டுவிடுவார். நீங்கள் அக்டோபரில் சேர்த்த ஒன்றரை லட்சம் அக்டோபர் பில்தானா? கடைவாரியாக, பில் தேதிவாரியாகப் பாக்கிப் பட்டியலைப் பார்த்தீர்களா?

பிறைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. மொத்தச் சுழற்சி என்பது பருப்பும் மல்லியும் கலந்த எண். பருப்பு வேகமாக ஓடினால் ஓடாத மல்லி அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். சுழற்சி மிக உயரமாக இருந்தால், கேட்ட சரக்கு இல்லாமல் கடைக்காரர்கள் திரும்பிப் போகிறார்களா என்றும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் முறுக்கு மாவு இல்லையென்றால் அந்த விற்பனை எந்த ஏட்டிலும் பதிவாகாது.

ஜார்ஜ்டவுன் கணக்கர்

பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னதேதான். அந்த ஒன்றரை லட்சத்தில் அக்டோபர் பில் ஒன்றுகூட இல்லை. இரண்டே கடைகள், ஜூன், ஜூலை பில்கள். இரண்டுமே செப்டம்பர், அக்டோபர் பில்களை ஒழுங்காகக் கட்டியிருக்கின்றன. அதனால் எங்கள் விற்பனைப் பையன்களின் கண்ணில் அவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்.

மல்லியையும் போய்ப் பார்த்தேன். புது மூட்டைகளை வாசலருகே அடுக்குகிறார்கள், லாரிக்கு ஏற்ற வசதியாக அவற்றையே எடுக்கிறார்கள். பின்சுவரை ஒட்டிய அடுக்கின் அடியில் 2024 அறுவடை முத்திரையோடு மூட்டைகள் இருந்தன. ஒன்றின் தையலைப் பிரித்துக் கைவிட்டால் உள்ளங்கை முழுக்கத் தூள், நடுவில் சின்னச் சின்னப் பழுப்பு வண்டுகள். மணமே இல்லை. ஏட்டில் அவை வாங்கிய விலையிலேயே நிற்கின்றன.

மஸ்ஜித் இந்தியா ஜவுளி

எங்களுக்கு இது வேறு விதமாக வருகிறது. ஈப்போ, சிரம்பான் கடைகளுக்குப் புடவை அனுப்பும்போது, விற்காததைத் திருப்பலாம் என்ற பேச்சோடுதான் அனுப்புகிறோம். ஆனால் அனுப்பிய அன்றே பில் போட்டு விற்பனையாக எழுதிவிடுகிறோம். பண்டிகை முடிந்ததும் கட்டுக் கட்டாகத் திரும்பி வரும். தீபாவளி நவம்பர் நடுவில் வந்த ஆண்டில் பல கட்டுகள் ஜனவரியில்தான் திரும்பின. டிசம்பர் கணக்கில் விற்பனை பெருத்து, இருப்பு சிறுத்து, சுழற்சி அழகாக இருந்தது. திரும்பி வந்ததோ அடுத்த பண்டிகைக்குப் பழைய டிசைன். அனுப்பும்போதே விற்பனையாக எழுதக் கூடாது என்கிறார் என் மைத்துனர். பில் போடாமல் அனுப்பினால் கடைக்காரர் பொறுப்பெடுக்க மாட்டார் என்பது என் பயம்.

செந்தூல் இரும்புக்கடை

பின்தேதிக் காசோலை கைக்கு வந்ததும் பாக்கியைக் கழித்துவிடுவது எங்கள் வழக்கம். குத்தகைக்காரர்கள் மூன்று மாதம் தள்ளித் தேதி போட்டுத்தான் தருவார்கள். அப்படிக் கழித்ததில் எங்கள் வசூல் நாட்கள் 40. கடந்த ஆண்டு ஒருவரின் காசோலைகள் வரிசையாகத் திரும்பின. எல்லாவற்றையும் மறுபடி பாக்கியில் ஏற்றியபோது அந்த 40 எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. காசோலை இருப்பதால் பேச்சுவார்த்தையில் நமக்குப் பிடி இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அதிகாரி

பிடி இருக்கட்டும். பணம் கணக்கில் ஏறும்வரை அது பாக்கிதான். காசோலைகளைத் தனிப் பட்டியலாக, தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்காரருக்கு: திருப்பலாம் என்ற பேச்சு இருந்தால் உங்கள் மைத்துனர் சொல்வதே சரி. அனுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கினால் பொறுப்புக்கு அது போதும் என்பது என் எண்ணம். உங்கள் தணிக்கையாளரையும் கேளுங்கள்.

பிறை கிடங்கு

ஐயா, மாதா மாதம் இருப்பு எண்ணினால்தானே அக்கா சொல்லும் சராசரி கிடைக்கும்? எங்களிடம் இரண்டு ஆட்கள்தான், லாரி வரும் நாளில் சாப்பிடவே நேரமில்லை. ஏட்டு இருப்பை நம்பலாமா?

ஜார்ஜ்டவுன் கணக்கர்

முழுவதையும் எண்ண வேண்டாம் தம்பி. எங்களிடம் அடக்கத்தில் பெரும்பகுதி மிளகாய், மல்லி, உளுந்து, நெய் நான்கில்தான் இருக்கிறது. அந்த நான்கை மட்டும் மாதக் கடைசியில் எண்ணச் சொல்லியிருக்கிறேன், மற்றவற்றுக்கு ஏட்டு இருப்பு. எண்ணும்போது மூட்டையின் அறுவடை ஆண்டையும் குறிக்கிறார்கள்.

முதலாளி வங்கிக்கு ஆண்டறிக்கையை மட்டும் அனுப்பவே விரும்பினார். 58 நாள் பொய்யில்லையே என்றார். பொய்யில்லைதான், ஆனால் 2026இல் தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. யாரும் எதுவும் தவறாகச் செய்யாமலேயே அந்த எண் மறுபடி ஏறும், அப்போது வங்கி விளக்கம் கேட்கும் என்று சொன்னேன். மாத விற்பனைத் தாளையும், அந்த இரண்டு கடைகளைத் தனியே காட்டும் பாக்கிப் பட்டியலையும் சேர்த்து அனுப்பச் சம்மதித்தார். அந்தக் கடைகளுக்குப் புதுச் சரக்கை நிறுத்துவதா, பழைய பில்லில் மாதம் இவ்வளவு என்று கட்டினால் தொடர்ந்து கொடுப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.