இரண்டு பட்டனையும் அமுக்கினால் லிப்ட் சீக்கிரம் வருமா?

மூன்றாம் மாடிக்குக் கீழே: கண்டியில் சரிவில் கட்டிய பிளாட் எங்களுடையது. ரோட்டு வாசல் 4ஆம் மாடியில். நான் 2இல் இருக்கிறேன். வெளியே போக மேலே ஏற வேண்டும். மேல், கீழ் இரண்டு பட்டனையும் அமுக்குவேன். பக்கத்து வீட்டு அக்கா திட்டுகிறார். யார் சரி?

கீழ்பட்டன் கட்சி: நீங்கள்தான் சரி. லிப்ட் 7இல் நிற்கிறது, கீழே வர வேண்டும். கீழ் பட்டனை அமுக்காவிட்டால் எப்படி வரும்?

சேர்விஸ் அண்ணா: தம்பி, அந்தப் பட்டன் லிப்ட் எங்கே வர வேண்டும் என்று கேட்கவில்லை, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறது. லிப்ட் 7இல் இருக்க, 1ஆம் மாடிக்காரரும் மேலே போக அமுக்கிவிட்டார் என்று வைப்போம். நீங்கள் மேல் பட்டனை மட்டும் தொட்டால், அது உங்களைத் தாண்டி 1க்குப் போய், அவரை ஏற்றி, திரும்பும்போது 2இல் உங்களை ஏற்றும். இரண்டையும் தொட்டால் இறங்கும்போதே 2இல் நிற்கும். நீங்கள் ஏறி, 1க்கு ஒரு சுற்றுலா போய், திரும்பி வரும்போது உங்கள் வாசலில் மறுபடியும் கதவு திறக்கும். வெளியே யாரும் இல்லை. உள்ளே எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். 4க்கு இன்னும் தாமதமாகத்தான் போவீர்கள்.

ஹட்டன் அம்மா: லிப்ட் இருக்கிறதே, அதற்கே சந்தோஷப்படுங்கள். எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் காலை 5 மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். நான் மேல்மாடி. தொட்டி என் தலைக்கு மேலேதான், ஆனாலும் ஷவரில் நூல் மாதிரி வருகிறது. கீழ் வீட்டில் அருவி.

சேர்விஸ் அண்ணா: அம்மா, தொட்டியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறீர்களோ அவ்வளவு அழுத்தம். பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் பிரச்சினை. ஆனால் இது லிப்ட் கேள்வி.

ஹட்டன் அம்மா: கேள்வி வேறென்றால் பதில் ஏன் சொன்னீர்கள்?

மூன்றாம் மாடிக்குக் கீழே: அண்ணா, ஒரு விஷயம். காலை ஸ்கூல் வேன் நேரத்தில் லிப்ட் 1இலேயே நிரம்பிவிடும். மேலே வரும்போது 2இல் கதவு திறந்தால் கால் வைக்க இடமில்லை. நான் கீழே போய் வருவது சுற்றுலா இல்லை, சீட் பிடிப்பது.

சேர்விஸ் அண்ணா: அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் நிறைந்தால் வழியில் நிற்காமல் போகிற லிப்டும் இருக்கிறது. உங்களுடையது அப்படி இல்லை போல.

கீழ்பட்டன் கட்சி: அப்போ நான் சொன்னதுதான் சரி.

சேர்விஸ் அண்ணா: காரணம் வேறு, தம்பி.

ஒன்றாம் மாடி: ஓ, அது நீங்கள்தானா? காலையில் கதவு திறந்தால் 2ஆம் மாடி, 3ஆம் மாடி எல்லாரும் உள்ளே நிற்கிறீர்கள். மன்னிப்புக் கேட்பது போல் சிரிக்கிறீர்கள், கதவு மூடுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி 4க்கு வந்தால், லிப்டும் அப்போதுதான் வருகிறது. 2இலும் 3இலும் யாருக்காகவோ நின்றதாம்.