"சைட் டவுன்" டிக்கெட்டுக்கு ஐ.பி. கேட்கிறார்கள்: தேவையா, தட்டிக்கழிப்பா?

கடைவீதி: ஷேர்டு ஹோஸ்டிங்கில் எங்கள் கடை சைட். காலையிலிருந்து ஆபீஸில் திறக்கவில்லை. "சைட் டவுன், அவசரம்" என்று டிக்கெட் போட்டால், "எங்களுக்குத் திறக்கிறது, உங்கள் ஐ.பி.யை அனுப்புங்கள்" என்கிறார்கள். இவர்களுக்கு என்னதான் எழுத வேண்டும்?

நேர்பேச்சு: ஒன்றும் எழுத வேண்டாம். காசு வாங்குகிறார்கள், லாக் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது, அவர்களே தேடட்டும். டிக்கெட் போடும்போதே நம் ஐ.பி. அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எதற்கு ஒரு கேள்வி? இது நேரம் கடத்தும் வேலை.

இரவுஷிப்ட்: நான் ஹோஸ்டிங் சப்போர்ட் வேலைதான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். டிக்கெட்டில் பதிவாகும் ஐ.பி., டிக்கெட் போட்ட இணைப்பினுடையது. ஆபீஸில் சைட் திறக்கவில்லை என்றதும் பாதிப் பேர் மொபைல் டேட்டாவில் டிக்கெட் போடுகிறார்கள், அந்த ஐ.பி.யை ஃபயர்வாலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. லாக் இருக்கிறது, உண்மை. ஆனால் ஒரே சர்வரில் பல நூறு கணக்குகள் இருக்கும், ஐ.பி.யும் நேரமும் இல்லாமல் அதில் எதைத் தேடுவது?

கடைவீதி சார், மொபைல் டேட்டாவில் சைட் திறக்கிறதா? ஆபீஸில் உடனே எரர் வருகிறதா, சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு வருகிறதா?

பிளகின்பாண்டி: எனக்கும் இதே பிரச்சினை அண்ணே! பிளகின் அப்டேட் செய்ததும் 500 எரர். அந்த பிளகின் ஃபோல்டர் பெயரை மாற்றினேன், சரியாகிவிட்டது. அவரும் அதைச் செய்து பார்க்கட்டும்.

இரவுஷிப்ட்: பாண்டி, அது வேறு கதை. 500 வந்தால் சர்வர் பதில் சொல்கிறது என்று அர்த்தம். அதற்கு எரர் லாக்கைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று எழுதினால் போதும்.

கடைவீதி: மொபைலில் திறக்கிறது. ஆபீஸில் ரொம்ப நேரம் சுற்றி ERR_CONNECTION_TIMED_OUT.

இரவுஷிப்ட்: அப்படியானால் சர்வர் ஃபயர்வால் உங்கள் ஆபீஸ் ஐ.பி.யைத் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். மெயில் பாஸ்வேர்டைத் தப்பாகத் தப்பாகக் கொடுத்தால் அது தானாகவே தடுத்துவிடும், தடுத்த பிறகு மறுப்புக்கூடச் சொல்லாது, அதனால்தான் சுற்றுகிறது. ஆபீஸ் இணைப்பிலிருந்தே இதை ஓட்டுங்கள்:

```
curl -4 ifconfig.me
```

-4 முக்கியம். பிரவுசரில் "என் ஐ.பி. என்ன" என்று தேடினால் சில சமயம் IPv6 வரும், சைட்டுக்குப் போவது IPv4-இல் என்றால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. டிக்கெட் இப்படி இருக்கட்டும்:

```
தலைப்பு: example.com - ஆபீஸ் இணைப்பில் மட்டும் டைம்அவுட்

https://example.com ஆபீஸ் வைஃபையில் திறக்கவில்லை.
எரர்: ERR_CONNECTION_TIMED_OUT
மொபைல் டேட்டாவில் திறக்கிறது.
ஆபீஸ் ஐ.பி.: 203.0.113.45
தொடக்கம்: இன்று காலை 10.40, இந்திய நேரம்
ஆபீஸில் மெயிலும் வரவில்லை.
ஐ.பி. தடுக்கப்பட்டதா, ஏன் என்று சொல்ல முடியுமா?
```

"இந்திய நேரம்" என்பதை விட்டுவிடாதீர்கள். பல சர்வர்களில் லாக் UTC-இல் இருக்கும், உங்கள் 10.40 அதில் 05:10. கடைசிக் கேள்வியையும் விடாதீர்கள். "அன்பிளாக் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் அதை மட்டும் செய்து டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அப்புறம், பாஸ்வேர்டை டிக்கெட்டில் எழுதவே எழுதாதீர்கள், கணக்கைப் பார்க்க எங்களுக்கு அது தேவையில்லை.

மலர்விழி: நிரந்தரமாக வைட்லிஸ்ட் செய்யச் சொன்னால் முடிந்துவிடுமே? ஒவ்வொரு முறையும் எதற்கு மல்லுக்கட்டு?

இரவுஷிப்ட்: நிலையான ஐ.பி. வாங்கியிருந்தால் கேட்டுப் பார்க்கலாம் அம்மா. சாதாரண பிராட்பேண்டில் ரவுட்டரை அணைத்துப் போட்டாலே மாறிவிடலாம், சில நிறுவனங்களில் ஒரே ஐ.பி.யைப் பல வீடுகள் பகிர்கின்றன. அதைத் திறந்து வைத்தால் முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத் திறந்ததாகிவிடும்.

கடைவீதி: பதில் வந்துவிட்டது. ஆபீஸ் ஐ.பி.யைத்தான் தடுத்திருக்கிறார்கள், IMAP லாகின் திரும்பத் திரும்பத் தோற்றதாம், எந்த மெயில் முகவரி என்றும் சொன்னார்கள். பில்லிங் டேப்லெட்டில் இன்னும் பழைய பாஸ்வேர்ட் இருந்திருக்கிறது.

இரவுஷிப்ட்: டேப்லெட்டில் முதலில் மாற்றுங்கள் சார். இல்லையென்றால் அன்பிளாக் செய்த கொஞ்ச நேரத்திலேயே திரும்பவும் தடுத்துவிடும்.

நேர்பேச்சு: சரி, ஐ.பி. வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மொபைல் டேட்டாவில் திறக்கிறதா" என்று நீங்கள் இங்கே கேட்ட அதே கேள்வியை அவர்கள் முதல் பதிலில் கேட்டிருக்கலாமே? கடைக்காரருக்கு curl தெரியுமா? டிக்கெட் படிவத்திலேயே அந்தக் கேள்விகளை வைத்துவிட்டால் என்ன?

இரவுஷிப்ட்: எங்கள் படிவத்தில் வைத்தோம் அண்ணே. ஐ.பி. கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் 192.168.1.1 என்று எழுதுகிறார்கள். அது அவரவர் ரவுட்டரின் உள் முகவரி.

நேர்பேச்சு: அந்தக் கட்டத்துக்குக் கீழே அதையே ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டியதுதானே!