புதுப்பிப்பு: கோல்டு மெயிலுக்குத் தனி டொமைன்

என் பழைய கேள்வி: "முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் கோல்டு மெயிலுக்குத் தனி டொமைன் வாங்கினால் மெயின் டொமைன் பெயர் கெடாமல் இருக்குமா?"

வாங்கியாச்சு. சப்டொமைனே போதும் என்றவர் சொன்னது பாதி சரி. சப்டொமைனுக்கென்று தனி மதிப்பு உருவாகும். ஆனால் ஸ்பாம் புகார் குவிந்தால் தாய் டொமைனையும் தொட்டுவிடும்.

மெயில் சர்வர் வேலையிலேயே ஊறிய அண்ணா ஒருவர் சொன்னதுதான் ரொம்ப உதவியது: மெயிலின் அடியில் வரும் கையெழுத்தில் மெயின் தளத்தின் லிங்க் இருந்தால் ஸ்பாம் ஃபில்டர் அதையும் சேர்த்தே எடைபோடும். லிங்கை எடுத்துவிட்டோம். ஜிமெயிலில் `Show original` திறந்து பார்த்தால், மெயிலுக்கு எந்த டொமைன் கையொப்பமிட்டது என்று காட்டும் `DKIM` வரியில் `PASS` பக்கத்தில் புது டொமைன்தான் வருகிறது.

நியூஸ்லெட்டரும் இதில் சேருமா என்று கேட்டவருக்கு: சம்மதம் தந்தவர்களுக்கு அனுப்புவது வேறு விஷயம், அது இதில் சேராது.

புகார் விகிதம் 0.1%-க்குள் இருக்கணும் என்கிறது கூகுள். நாங்கள் அனுப்புவது கொஞ்சம்தான் என்பதால் அந்த விகிதத்தைக் காட்டும் கூகுளின் `Postmaster Tools` இன்னும் காலியாகவே இருக்கிறது.